தட்டு முன்னால் சாயும்போது

வரவேற்பறைச் சுவரில் ஆங்கிள் எதுவும் வெளியே தெரியாமல் அந்தரத்தில் நிற்பதுபோல ஒரு பலகை. மேலே வரிசையாகப் புத்தகங்கள், ஓரத்தில் ஒரு மணிபிளான்ட். இந்த மிதக்கும் ஷெல்ஃப் இன்று பல வீடுகளில் இருக்கிறது. மாட்டிய புதிதில் நூல் பிடித்ததுபோல நேராக நிற்கும். சில மாதம் கழித்து முன்விளிம்பு கொஞ்சம் தாழ்ந்த மாதிரி தெரியும். பிறகு பலகையின் பின்பக்க மேல்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "வெயிட் ஜாஸ்தியாயிடுச்சு."

எடை கூடியிருக்கலாம். ஆனால் அதே எடையை அதே சுவர் வேறொரு ஆங்கிளில் பல வருடம் தாங்கியிருக்கும். மிதக்கும் ஷெல்ஃபைப் பொறுத்தவரை எத்தனை கிலோ என்பது பாதிக் கேள்விதான். அந்தக் கிலோ சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, சுவரைப் பற்றியிருக்கும் இரும்பு எவ்வளவு உயரம் என்பவை மீதிப் பாதி. கடையில் வாங்கும்போது யாரும் இந்த மீதிப் பாதியைக் கேட்பதில்லை.

கழற்றுவதற்கு முன்னால் கோளாறு எங்கே என்று பார்த்துவிட வேண்டும். சாய்வது போலத் தெரிவதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் மருந்து வேறு. ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துப் பலகையின் பின்பக்கம், மேல்விளிம்புக்கும் சுவருக்கும் இடையில் செருகிப் பாருங்கள். கார்டு உள்ளே போனால், பிளக்கோ ஸ்க்ரூவோ சுவரை விட்டு வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். விரலால் முன்விளிம்பை லேசாகத் தூக்கி விடுங்கள். சுவர்ப் பக்கம் தகடு அசைந்தால் சந்தேகம் உறுதி. தகடு அசையாமல் பலகை மட்டும் 'லொடக்' என்று ஆடினால் சுவரில் தப்பில்லை. பலகைக்குள் கம்பி போகும் துளை தளர்ந்திருக்கிறது, அல்லது கம்பி வளைந்திருக்கிறது. மூன்றாவது வகையில் இரண்டுமே இருக்காது. பலகையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு முன்விளிம்பில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நடுவில் மட்டும் பலகை நூலுக்குக் கீழே தொங்கும். அது பலகையின் தொய்வு. அதற்குச் சுவரில் புதிதாகத் துளை போட்டுப் பயனில்லை.

இவற்றில் ஆபத்தானது முதல் வகைதான். தொய்ந்த பலகை அசிங்கமாகத் தெரியும், அவ்வளவே. பிளக் பிடுங்கிக்கொண்டால் மொத்தமும் ஒரே நொடியில் கீழே வரும்.

தாம்பரம் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில் என் தங்கை மாட்டியிருந்த ஷெல்ஃபை வைத்தே கணக்கைப் பார்க்கலாம். நீளம் நாலடி, அதாவது 120 செ.மீ. அகலம் 9 அங்குலம், சுமார் 23 செ.மீ. பலகை 18 மி.மீ. பார்ட்டிக்கிள் போர்டு. அதைத் தாங்கியவை மறைவாகப் போகும் இரண்டு கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் அடியிலும் 4 செ.மீ. உயரத்தில் ஒரு சிறிய தகடு. அதில் மேலே ஒரு ஸ்க்ரூ, கீழே ஒரு ஸ்க்ரூ. பெட்டியோடு வந்த பிளக் 6 மி.மீ., ஸ்க்ரூ குட்டையானது. தட்டு நிறைய நாவல்களும் சிறுகதைத் தொகுப்புகளும்.

முதலில் எடை. சாதாரண அளவுத் தமிழ் நாவல்களை ஓரடி நீளத்துக்கு நெருக்கி அடுக்கினால் ஏறக்குறைய 7 கிலோ வரும். பெரிய அளவுப் பாடப்புத்தகம், அகராதி என்றால் ஓரடிக்கு 10, 12 கிலோ. நாலடித் தட்டு நிறைய நாவல் என்றால் 28 கிலோ. பலகை தன் பங்குக்கு மூன்றரைக் கிலோ. ஆக மொத்தம் 31, 32 கிலோ. ஒரு மூட்டை அரிசிக்கு மேல்.

இந்த எடை நேர் கீழே இழுத்தால் நாலு ஸ்க்ரூவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குறுக்கே வெட்டும் விசையை எஃகு ஸ்க்ரூ சுலபமாகத் தாங்கும். ஆனால் எடை சுவரில் இல்லை, சுவரை விட்டுத் தள்ளி முன்னால் இருக்கிறது. பலகை தன் தகட்டின் கீழ்விளிம்பைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, கடப்பாரையால் கல்லை நெம்புவது போல மேல் ஸ்க்ரூவை நெம்பி வெளியே எடுக்கப் பார்க்கிறது. கடப்பாரையின் நீளமான பக்கம் பலகையின் அகலம். குட்டையான பக்கம், மேல் ஸ்க்ரூவிலிருந்து தகட்டின் கீழ்விளிம்பு வரை உள்ள தூரம். இந்த வீட்டில் அது 3 செ.மீ.தான்.

நாவல்களின் அகலம் சுமார் 14 செ.மீ. அவற்றைச் சுவரோடு ஒட்டி வைத்தால் எடையின் மையம் சுவரிலிருந்து 7 செ.மீ. தள்ளி இருக்கும். 28 கிலோவை 7-ஆல் பெருக்கினால் 196. பலகையின் சொந்த எடை மூன்றரைக் கிலோ, அதன் மையம் பதினொன்றரை செ.மீ. தள்ளி, அது ஒரு 40. கூட்டினால் 236. இதை 3-ஆல் வகுத்தால் சுமார் 79 கிலோ. இரண்டு கம்பிகளும் சமமாகப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொரு மேல் ஸ்க்ரூவையும் கிட்டத்தட்ட 40 கிலோ விசை சுவரிலிருந்து வெளியே இழுக்கிறது. தட்டில் இருப்பதோ 28 கிலோ புத்தகம்.

இன்னொன்றும் அங்கே நடந்திருந்தது. புத்தக முதுகுகள் பலகையின் முன்விளிம்போடு ஒரே கோட்டில் இருந்தால் பார்க்க அழகு என்று எல்லாவற்றையும் முன்னால் இழுத்து வைத்திருந்தாள். பின்னால் ஒரு விரல் நீளத்துக்குக் காலி இடம், அதில் தூசி. அப்படி வைத்ததும் எடையின் மையம் 7 செ.மீ.யிலிருந்து 16 செ.மீ.க்குப் போய்விட்டது. மறுபடி பெருக்கிப் பாருங்கள்: 28 பெருக்கல் 16, அதோடு பலகையின் 40, மொத்தம் 488. மூன்றால் வகுத்தால் 163 கிலோ. ஒரு மேல் ஸ்க்ரூவுக்கு 80 கிலோவுக்கு மேல். ஒரு புத்தகம்கூடக் கூடவில்லை, ஆனால் சுவரின் மீதான இழுவை இரண்டு மடங்காகிவிட்டது.

ஷெல்ஃப் சாய ஆரம்பித்திருக்கிறது என்று தெரிந்தால், ஆள் வந்து சரிசெய்யும் வரை செய்யக்கூடிய முதல் உதவியும் இதுதான். கனமானதை எல்லாம் இறக்கி விடுங்கள். மிஞ்சியதைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வையுங்கள். கீழே யாரையும் உட்கார விடாதீர்கள்.

இப்போது ஆங்கிளுக்கு வருவோம். மேலே போட்ட கணக்கில் நாம் மாற்றக்கூடிய எண்களில் பெரிய பலன் தருவது அந்த 3 செ.மீ.தான். சுவரோடு படியும் இரும்பு எவ்வளவு உயரமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இழுவை குறையும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ஆங்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் படியும் கால் 20 செ.மீ. என்றால் மேல் ஸ்க்ரூவுக்கும் கால் ஊன்றும் அடிப்பகுதிக்கும் 18 செ.மீ. இடைவெளி கிடைக்கும். புத்தகங்கள் முன்னால் இழுத்து வைக்கப்பட்ட மோசமான நிலையிலேயே 488-ஐ 18-ஆல் வகுத்தால் 27 கிலோ. இரண்டு ஆங்கிளுக்கு ஆளுக்கு 13, 14 கிலோ. எண்பதுக்கும் பதினாலுக்கும் உள்ள வித்தியாசம் இரும்பின் உயரத்தால் மட்டுமே வந்தது.

இதனால்தான் இரண்டு கால்களும் சம நீளம் இல்லாத ஆங்கிளில் நீளமான கால் சுவரில் வர வேண்டும். நிறைய வீடுகளில் தலைகீழாக மாட்டியிருப்பதைப் பார்க்கிறேன். நீளமான கால் பலகையின் கீழே அகலமாகத் தாங்கினால் பலம் என்று தோன்றிவிடுகிறது. பலகைக்குக் கீழே அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே போதும். மூலையில் குறுக்குத் தாங்கி வைத்து வெல்டு செய்த முக்கோண ஆங்கிள் இன்னும் நல்லது, அது வளையாது.

ஆங்கிள் வெளியே தெரியக் கூடாது என்றுதானே மிதக்கும் ஷெல்ஃப் வாங்குகிறோம் என்ற கேள்வி நியாயமானது. மறைவாகப் போகும் அமைப்பிலும் தரம் பார்த்து எடுக்கலாம். தனித்தனிக் குட்டித் தகடுகளைவிட, பலகை நீளத்துக்கு ஒரே இரும்புப் பட்டையும் அதில் வெல்டு செய்த நாலைந்து கம்பிகளும் உள்ள வகை மேல். அதில் ஸ்க்ரூக்களின் எண்ணிக்கை கூடுகிறது, ஒரு பிளக் சரியாக இறங்காவிட்டாலும் பக்கத்தில் உள்ளவை பகிர்ந்துகொள்ளும். ஆனால் அந்தப் பட்டையும் 3, 4 செ.மீ. உயரம்தான் என்பதை மறக்க வேண்டாம். கம்பி பலகைக்குள் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது போக வேண்டும். அதைவிட முக்கியம் பலகையின் தடிமன். 12 மி.மீ. கம்பியை 18 மி.மீ. பலகைக்குள் விட்டால் துளைக்கு மேலும் கீழும் மிஞ்சுவது வெறும் 3 மி.மீ. மரத்தூள். அது நாளடைவில் நொறுங்கித் துளை பெரிதாகும், பலகை லொடலொடக்கும். 12 மி.மீ. கம்பிக்குப் பலகை 35 மி.மீ.யாவது இருக்க வேண்டும்.

தங்கை வீட்டில் ஆங்கிள் தெரியக் கூடாது என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். வேலைக்கு வந்த ஆசாரிதான் வழி சொன்னார். "அம்மா, ஆங்கிளைக் கீழே விடறதுக்குப் பதிலா மேலே திருப்பிடலாம். மேலே புத்தகம் மறைச்சிடும்ல?" என்றார். "கீழ இருந்து பாத்தா தெரியுமாண்ணே?" என்று அவள் கேட்க, "பலகைக்கு அடியில காடி எடுத்துப் பட்டையைப் பதிச்சுட்டா தெரியாதும்மா. நீங்க பாருங்க" என்றார்.

40 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையை வெல்டிங் பட்டறையில் கொடுத்து ட வடிவத்தில் மூன்று துண்டு வளைத்து வாங்கினோம். படுத்திருக்கும் கால் 15 செ.மீ., அது பலகையின் அடியில் காடியில் அமர்ந்துவிட்டது. நிற்கும் கால் 15 செ.மீ., பலகையின் பின்விளிம்பில் எடுத்த வெட்டு வழியாக மேலே போய்ப் புத்தகங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. உச்சியில் ஒரு ஸ்க்ரூ, பாதி உயரத்தில் ஒன்று. உச்சி ஸ்க்ரூவுக்கும் பட்டை சுவரில் ஊன்றும் கீழ் மூலைக்கும் 13 செ.மீ. 488-ஐ 13-ஆல் வகுத்தால் 37, 38 கிலோ. மூன்று பட்டைக்குப் பிரித்தால் ஆளுக்கு 13 கிலோவுக்குள். உச்சி ஸ்க்ரூ ஒன்றே தாங்குவதாக வைத்துக்கொண்டாலும் கணக்கு இதுதான். பார்வைக்கு ஷெல்ஃப் முன்புபோலவே மிதக்கிறது.

பலகையையும் அவர் மாற்றச் சொன்னார், அது சரியான யோசனை. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் சுமையின் கீழ் நாள்பட நாள்பட மெல்ல வளைந்துகொண்டே போகும் குணம் உள்ளவை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது இன்னும் அதிகம். அதே தடிமனில் பிளைவுட் எவ்வளவோ தேவலை. ஆனால் பலகையின் ரகத்தைவிட இடைவெளிதான் முக்கியம். ஒரு தாங்கிக்கும் அடுத்த தாங்கிக்கும் உள்ள தூரத்தை இரண்டு மடங்காக்கி, அடிக்கு அதே எடையில் புத்தகம் அடுக்கினால் தொய்வு இரண்டு மடங்கு ஆகாது, பதினாறு மடங்காகும். தடிமனை இரட்டிப்பாக்கினால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே 18 மி.மீ. பார்ட்டிக்கிள் போர்டில் புத்தகம் அடுக்குவதென்றால் தாங்கிகளுக்கு நடுவே இரண்டடிக்கு மேல் விடாதீர்கள். நல்ல பிளைவுட் என்றால் இரண்டரை அடி வரை போகலாம்.

இரண்டே தாங்கிதான் வைக்க முடியும் என்றால் அவற்றைப் பலகையின் இரு முனைகளிலும் வைக்காமல், நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே தள்ளி வைக்க வேண்டும். நாலடிப் பலகையில் அது ஒவ்வொரு முனையிலிருந்தும் 26, 27 செ.மீ. அப்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் எடை நடுப்பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். முனைகளில் வைத்தபோது இருந்த தொய்வில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. இதற்குச் செலவு எதுவும் இல்லை, அளந்து துளை போட வேண்டும் அவ்வளவுதான்.

அடுத்தது பிளக். மிதக்கும் ஷெல்ஃபின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

முன்பெல்லாம் சுவரில் உளியால் குழி வெட்டி மரக்கட்டையை அடித்து, அதில் ஆணி இறக்குவார்கள். மரம் காய்ந்து சுருங்கினால் கட்டையே கழன்று வரும். 1911-இல் லண்டனில் ஜான் ராலிங்ஸ் என்பவர் சணல் நாரைக் கொண்டு சிறிய பிளக் செய்தார். இன்று நாம் வாங்கும் நைலான் பிளக்கை 1958-இல் ஜெர்மனியின் ஆர்ட்டூர் ஃபிஷர் வடிவமைத்தார். அடிப்படை ஒன்றுதான்: ஸ்க்ரூ உள்ளே போகப் போக பிளக் விரிந்து துளையின் சுவர்களை நெருக்குகிறது. அந்த நெருக்கத்தால் வரும் உராய்வுதான் பிடிமானம். பசையோ கொக்கியோ அங்கே கிடையாது. நெருக்கத்தைத் தாங்கும் கெட்டிப் பொருள் சுற்றிலும் இருந்தால்தான் பிளக் பிளக்காக வேலை செய்யும்.

நம் வீட்டுச் சுவரில் முதல் 12 முதல் 20 மி.மீ. வரை சிமெண்ட் பூச்சுதான். அதற்கு அப்புறம்தான் செங்கல். ஷெல்ஃப் பெட்டியோடு வரும் பிளக் 25, 30 மி.மீ. நீளம் இருக்கும். அதைச் சுவரின் மேல்மட்டத்தோடு சமமாக அடித்துவிட்டால் பாதிக்கு மேல் பூச்சுக்குள்தான் நிற்கிறது. பூச்சு செங்கல்லைப் பிடித்திருப்பதே ஒரு மெல்லிய ஒட்டுதலால்தான். தங்கை வீட்டில் கழற்றிப் பார்த்தபோது ஸ்க்ரூவைச் சுற்றி ஐந்து ரூபாய் நாணய அளவில் பூச்சு வில்லையாகப் பெயர்ந்து வந்தது. பிளக் அதன் நடுவே பத்திரமாக இருந்தது. செங்கல்லில் மிஞ்சியிருந்தது சுண்டுவிரல் நுனி போகும் ஆழத்துக்கு ஒரு பள்ளம் மட்டும்.

அதனால் பிளக்கின் விரியும் பகுதி முழுக்கச் செங்கல்லுக்குள் இருக்கும்படி நீளம் வாங்க வேண்டும். புத்தகத் தட்டுக்கு 8 மி.மீ. தடிமனில் 60 மி.மீ.க்குக் குறையாத நைலான் பிளக், அதற்குள் 5 அல்லது 6 மி.மீ. ஸ்க்ரூ என்பது என் கணக்கு. ஸ்க்ரூவின் நீளம், பிளக்கின் நீளத்தோடு ஆங்கிளின் தடிமனையும் சேர்த்து, அதற்கும் மேல் ஒரு 5 மி.மீ. முனை பிளக்கைத் தாண்டி எட்டிப் பார்த்தால்தான் பிளக் கடைசி வரை விரியும். ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூவை இங்கே போடாதீர்கள். அது கெட்டியானது, ஆனால் வளையாமல் பட்டென்று முறியும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவே வாங்கிவிடலாம்.

துளை போடுவதில் அவசரப்படுவதால் கெடும் வேலை நிறைய. 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட். மெஷினைப் பிடித்த கை ஆடினால் துளை நீள்வட்டமாகிவிடும். பிளக் விரலால் தள்ளினாலே உள்ளே போகும். அப்படிப் போனால் அந்தத் துளை கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியலால் மெதுவாகத் தட்டித்தான் பிளக் இறங்க வேண்டும். துளையின் ஆழம் பிளக்கைவிட ஒரு செ.மீ. கூடுதலாக இருக்கட்டும், பிட்டில் அந்த இடத்தில் ஒரு டேப்பைச் சுற்றிவிட்டால் அளவு தவறாது. உள்ளே தங்கும் தூளை ஊதி எடுக்காமல் பிளக்கை அடித்தால் அது தூளின் மேல் வழுக்கிக்கொண்டு நிற்கும். பழைய சைக்கிள் பம்பு இருந்தால் அதன் டியூபைத் துளையில் வைத்து நாலு அடி அடித்தால் போதும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடவே கூடாது. ஒயர் பைப் அந்த வழியாகத்தான் போகும்.

துளையிலிருந்து கொட்டும் தூளைக் கவனித்தால் சுவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிவிடும். முதலில் சாம்பல் நிறத்தில் பூச்சுத் தூள் வரும். பிறகு சிவப்பாக மாறினால் செங்கல், நல்லது. சாம்பல் நிறமே தொடர்ந்து, பிட் உள்ளே போகவே திணறினால் கான்கிரீட். பிடிமானத்துக்கு அதைவிட நல்லது இல்லை. சிவப்பு வந்துகொண்டிருந்தது நடுவில் சாம்பலாகி, பிட் சரசரவென்று இறங்கினால் இரண்டு செங்கல்லுக்கு நடுவே உள்ள சாந்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நிறுத்திவிட்டு மூன்று, நாலு செ.மீ. மேலோ கீழோ போட வேண்டும். பழைய காலத்துச் சுண்ணாம்புச் சாந்துச் சுவர் என்றால் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை.

பூச்சைத் தாண்டியதும் மாவு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டி, பிட் வெண்ணெயில் போவதுபோல இறங்கினால் அது ஏஏசி பிளாக். பல புதிய அடுக்குமாடிகளில் உள்சுவர் இதுதான். காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கல் என்பதால் விரியும் பிளக்கின் நெருக்கத்தை அது தாங்காது. பிளக் விரிய விரியச் சுற்றியுள்ள கல் நசுங்கித் தூளாகிவிடும். இறுக்கும்போது பிடித்தது போலத்தான் இருக்கும், சில மாதத்தில் கையோடு வரும். இந்தக் கல்லுக்கென்றே வெளிப்பக்கம் திருகுபோன்ற வரி உள்ள பிளக்குகள் தனியாக இருக்கின்றன, அவற்றைத்தான் கேட்டு வாங்க வேண்டும். துளை போடும்போது மெஷினின் சுத்தியல் அடியை அணைத்துவிட்டு வெறும் சுற்றில் போட வேண்டும். நடுவில் பொள்ளலாக உள்ள ஹாலோ பிளாக்கில், கல்லின் தோலைத் தாண்டியதும் பிட் திடீரென்று காற்றில் விழும். அங்கே வலை உறை போட்டு உள்ளே ரசாயனப் பசை செலுத்திக் கம்பியை நிறுத்தும் முறை நம்பகமானது. அதற்குச் செலவு அதிகம், பசை கெட்டியாகும் வரை சுமை ஏற்றாமல் காத்திருக்கவும் வேண்டும். ஜிப்சம் போர்டு தடுப்பில், உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தைத் தேடிப் பிடித்து ஸ்க்ரூ இறக்கினால் ஒழிய, புத்தகத் தட்டையே நினைக்க வேண்டாம்.

அப்படியானால் எவ்வளவு ஏற்றலாம்? பெட்டியில் '15 கிலோ தாங்கும்' என்று அச்சடித்திருப்பார்கள். அது கெட்டியான சுவரில், எடை பரவலாக வைக்கப்பட்ட நிலையில் சொன்ன கணக்கு. நம் சுவருக்கு அது பொருந்துமா என்பது அவர்களுக்குத் தெரியாது. நல்ல செங்கல்லில் சரியாக இறங்கிய ஒரு 8 மி.மீ. பிளக்குக்கு வெளியே இழுக்கும் விசை 20 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். பிளக் அதைவிட நிறையவே தாங்கும். ஆனால் செங்கல் எல்லாம் ஒரே தரத்தில் வெந்ததில்லை. தட்டின் மேல் கை ஊன்றி எழுபவர்களும், எம்பிப் பிடித்துத் தொங்கிப் பார்க்கும் குழந்தைகளும் வீட்டில் உண்டு. அந்த இடைவெளி அவர்களுக்காக. ஏஏசி சுவரில் அதே பிளக் கணக்கை வைக்கவே கூடாது. அங்கே மிதக்கும் ஷெல்ஃபில் மோடம், படச்சட்டம், சின்ன பொம்மை மாதிரி மொத்தம் மூன்று, நாலு கிலோவோடு நிறுத்திக்கொள்வேன். புத்தகத்துக்குத் தரையில் நிற்கும் அலமாரிதான்.

வைக்கும் பொருளின் எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். எட்டங்குலத் தொட்டியில் செடி வைத்துத் தண்ணீர் ஊற்றினால் ஐந்தாறு கிலோ, அதுவும் தட்டின் நடுவிலோ முன்னாலோதான் உட்காரும். அடுக்களையில் சம்படங்கள் நிறையப் பருப்பு அடுக்கினால் புத்தகத்தைவிடக் கனம். சாமி தட்டில் குத்துவிளக்கும் எண்ணெயும் தீயும் இருப்பதால் அங்கே மறைவுக் கம்பி வேண்டவே வேண்டாம், கீழே கால் நீண்ட ஆங்கிளே போடுங்கள். கட்டிலில் தலை வைக்கும் பக்கம் கனமான எந்தத் தட்டும் கூடாது.

பிளக் ஏற்கெனவே பிடுங்கிக்கொண்ட துளையில் தீக்குச்சி, காகிதம், ஒயிட் சிமெண்ட் அடைத்து அதே பிளக்கைத் திரும்பச் செருகுவது பரவலான வழக்கம். அது ஸ்க்ரூவை நிறுத்தும், சுமையை நிறுத்தாது. 6 மி.மீ. துளை என்றால் அதை 10 மி.மீ. ஆக்கி நீளமான பிளக் போடலாம், துளையைச் சுற்றிச் செங்கல் உடையாமல் இருந்தால். உடைந்திருந்தால் குறைந்தது ஐந்தாறு செ.மீ. தள்ளிப் புதுத் துளைதான். தங்கை வீட்டில் பழைய நாலு துளைகளையும் சாந்து வைத்து மூடிவிட்டு, ஆசாரி தட்டையே 8 செ.மீ. மேலே ஏற்றிவிட்டார்.

மாட்டி முடித்த கையோடு புத்தகத்தை அடுக்கிவிடாமல் ஒரு சோதனை செய்து பார்ப்பது நல்லது. ரசமட்டத்தை முன்பின்னாக வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பலகையின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் மெல்லிய பென்சில் கோடு ஒன்று போடுங்கள். கீழே ஒரு மெத்தையை விரித்து, யாரும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டு, வைக்கப்போகும் எடையில் ஒன்றரை மடங்குக்கு அரிசிப் பையும் தண்ணீர் கேனும் மெதுவாக ஏற்றி ஒரு நாள் விடுங்கள். இறக்கிய பிறகு குமிழி பழைய இடத்துக்கு வந்து, கார்டு உள்ளே நுழையாமல் இருந்தால் புத்தகங்களை அடுக்கலாம். ஒரு மாதம் கழித்து அதே கார்டை இன்னொரு முறை செருகிப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் நுழைந்தால்கூட அந்தப் பக்கத்து ஸ்க்ரூவை இன்னும் முறுக்கி இறுக்க வேண்டாம். சுழன்றுகொண்டே இருக்கும் ஸ்க்ரூ துளையை இன்னும் பெரிதாக்கும். தட்டைக் காலிசெய்து, அந்தப் பிளக்கை வெளியே எடுத்து அடுத்த அளவு நீளத்தில் மாற்றிவிட வேண்டும்.